சந்தா என்பது ஒரு தேதி

உங்க ப்ராஜெக்ட் டீமுக்கு ஒரு சின்னத் தமிழ் இதழ் வேலை கொடுத்திருக்குன்னு வைத்துக்கொள்ளுங்க. மாசம் எட்டு கட்டுரை போடுகிறார்கள். இரண்டு எல்லாருக்கும், மீதி ஆறு சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். வருஷ சந்தா 600 ரூபாய், உறுப்பினர்கள் 240 பேர். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 1,44,000 ரூபாய். எழுதுபவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் சர்வர் வாடகை கட்டுவதும் இந்தப் பணத்தில்தான். அவர்கள் உங்களிடம் கேட்பது மூன்று விஷயம்: கட்டுரைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு வெளியே இலவசமாகக் கொஞ்சம் படிக்க ஒரு முன்னோட்டம், சந்தா முடியும் நேரத்தில் ஒரு நினைவூட்டல்.

நம்ம ஆட்கள் உடனே என்ன செய்வோம்? மூன்று மாட்யூல், மூன்று பேர், ஆளுக்கு ஒன்று. கடைசி வாரம் மூன்றையும் ஒன்றாக ஒட்டும்போதுதான் ஒருவர் மாட்யூலில் சந்தா உயிரோடு இருக்கும், இன்னொருவர் மாட்யூலில் செத்துப்போயிருக்கும். ஏனென்றால் "இவர் உறுப்பினரா?" என்ற ஒரே கேள்விக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பதில் எழுதியிருப்போம். அதனால் கோட் எழுதும் முன் அந்தப் பதிலை எங்கே வைப்பது என்று முடிவு செய்வோம்.

ஆமா/இல்லை வேண்டாம், தேதி போதும்

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது `is_member` என்று ஒரு காலம் வைத்து அதில் `true` அல்லது `false` போடுவது. பணம் கட்டியதும் `true` ஆக்கிவிடலாம், சரி. ஆனால் ஒரு வருஷம் கழித்து அதை `false` ஆக்குவது யார்? ராத்திரி ஓடும் ஒரு வேலை ஆக்க வேண்டும். அந்த வேலை ஒரு நாள் ஓடவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. ஓசியில் படிக்கிறவர் போன் பண்ணி "எனக்கு இன்னும் திறந்தே இருக்கு"ன்னு சொல்லப் போவதில்லை.

அதற்குப் பதிலா `paid_until` என்று ஒரே ஒரு தேதி வையுங்க. அர்த்தம்: இந்த நாள் முடியும்வரை இவர் படிக்கலாம். கட்டுரையைத் திறக்கும் அந்த நொடியில் இன்றைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். யாரும் எதையும் அணைக்க வேண்டியதில்லை, தேதி தானே கடந்துபோகும்.

ஒரு உறுப்பினரை எடுத்துக்கொள்வோம், எண் 118. அவர் 2025 ஜூன் 15 அன்று பணம் கட்டுகிறார். அவருடைய `paid_until` 2026-06-14. முடிந்த அன்றே கதவைச் சாத்தாமல் ஏழு நாள் சலுகை தருகிறோம், ஆக 2026 ஜூன் 21 வரை படிக்க முடியும். இப்போது அவர் புதுப்பித்தால் புதுத் தேதி என்ன? இங்கேதான் நிறைய பேர் யோசிக்காமல் "இன்றிலிருந்து ஒரு வருஷம்" என்று எழுதிவிடுகிறார்கள்.

முதல் நினைவூட்டலைப் பார்த்ததும் அவர் நல்ல பிள்ளையாக ஜூன் 4 அன்றே கட்டிவிடுகிறார் என்று வையுங்க. இன்றிலிருந்து கணக்குப் போட்டால் 2027 ஜூன் 3. ஏற்கனவே காசு கொடுத்த மிச்ச நாட்களை நாம் விழுங்கிவிட்டோம். அவர் கண்டுபிடித்தால் கோபப்படுவார், அது நியாயமும்கூட. அடுத்த வருஷம் கடைசி நாள் வரை காத்திருப்பார். அதனால் சீக்கிரம் கட்டினால் பழைய தேதிக்கு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். புதுத் தேதி 2027 ஜூன் 14.

சலுகை நாட்களுக்குள், ஜூன் 18 அன்று கட்டினால்? அந்த நாட்களில் அவரால் படிக்க முடிந்தது, அதனால் அப்போதும் பழைய தேதியிலிருந்தே எண்ணலாம். ஆனால் இரண்டு மாசம் காணாமல் போய் ஆகஸ்ட் 20 அன்று திரும்பி வந்தால், பூட்டியிருந்த நாட்களுக்குக் காசு வாங்கக்கூடாது. அன்றிலிருந்து புது வருஷம், 2027 ஆகஸ்ட் 19 வரை. மூன்று நிலைமையும் நாலைந்து வரியில் அடங்கிவிடும்:

```python
def new_paid_until(old, today):
    if old and today <= old + timedelta(days=7):
        start = old + timedelta(days=1)
    else:
        start = today
    return start + relativedelta(years=1) - timedelta(days=1)
```

`relativedelta` என்பது `dateutil` லைப்ரரியில் வருவது. வெறும் 365 நாள் கூட்டினால் லீப் வருஷம் வரும்போது ஒரு நாள் குறையும். 2027 ஜூனில் புதுப்பிப்பவருக்கு 2028 பிப்ரவரி 29 நடுவில் வருகிறது, கவனிங்க.

`today` எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வாடகைக்கு எடுக்கும் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி நேரத்தில்தான் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5:30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். நம்மைப் போல ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பணம் கட்டுகிற ஆளுக்கு இதனால் ஒரு நாள் போய்விடும். `datetime.now(ZoneInfo("Asia/Kolkata")).date()` என்று ஒரே இடத்தில் கேட்டு வாங்கி, மற்ற எல்லா இடத்துக்கும் அதையே அனுப்புங்க. இந்தப் பழக்கத்துக்குக் கடைசியில் இன்னொரு பலனும் இருக்கு.

பணம் வந்ததாகப் பேமென்ட் கேட்வே அனுப்பும் தகவல் சில சமயம் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரும். நம் சர்வர் பதில் சொல்லத் தாமதமானால் அது மறுபடி அனுப்பும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷம் கூட்டினால் 600 ரூபாய்க்கு இரண்டு வருஷம் போய்விடும். பேமென்ட் டேபிளில் `payment_id`க்கு `UNIQUE` போட்டு, அந்த வரிசையைச் சேர்ப்பதும் தேதியைத் தள்ளுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடக்கிற மாதிரி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பூட்டு சர்வரில்தான் இருக்கணும்

நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் மாசத்துக்கு 20 கட்டுரை இலவசம், அதற்கு மேல் காசு என்று கொண்டுவந்தது. அடுத்த வருஷமே அதை 10 ஆகக் குறைத்தது. ஆனால் ஆரம்பத்தில் அந்தப் பூட்டு எப்படி இருந்தது தெரியுமா? முழுக் கட்டுரையும் பிரவுசருக்கு வந்துவிடும், அதன் மேல் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு திரையை இழுத்து மூடும். சில வரி ஸ்கிரிப்ட் எழுதி அந்தத் திரையை ஆட்கள் விலக்கிவிட்டார்கள். பல லட்சம் வாசகர்கள் உள்ள பத்திரிகை அந்த ஓட்டையைத் தாங்கிக்கொள்ளலாம், தேடி வரும் வாசகனை விரட்டாமல் இருக்க வேண்டுமென்றே கொஞ்சம் தளர்வாகவும் விடலாம். 240 பேர் உள்ள இதழுக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் விதி ஒன்றுதான்: படிக்க உரிமை இல்லாதவருடைய பிரவுசருக்கு மிச்சக் கட்டுரை போகவே கூடாது. `display: none` போட்டு மறைப்பது, மேலே மங்கலாக்குவது எல்லாம் திரைச்சீலை, பூட்டு இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருத்தர் "ரீடர் மோடு போட்டா முழுசா வருதுடா"ன்னு அனுப்பினால் முடிந்தது.

டெம்ப்ளேட்டில் ஒழுங்காக வெட்டினாலும் பக்க வாசல்கள் இருக்கும். ஆர்எஸ்எஸ் ஃபீடில் முழுக் கட்டுரையும் போகலாம். மொபைல் ஆப்புக்காக எழுதிய `/api/articles/42` முழுவதையும் கொடுக்கலாம். தேடல் முடிவுகளில் உள்ளிருந்து ஒரு பத்தி எட்டிப் பார்க்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: சோதனைக் கட்டுரையின் கடைசி வரியில் ஒரு அடையாளச் சொல்லை வைத்துவிட்டு, லாகின் செய்யாமல் ஒவ்வொரு முகவரியாகக் கேளுங்க.

```
curl -s https://example.org/api/articles/42 | grep -c ZXEND42
```

பதில் 0 வரணும். 1 வந்தால் ஒழுகுது. அடையாளச் சொல்லை ஏன் ஆங்கில எழுத்தில் வைக்கச் சொல்கிறேன் என்றால், பைத்தானின் `json.dumps` சாதாரணமாகத் தமிழ் எழுத்தை அப்படியே எழுதாது. "க" என்பதை `\u0b95` என்று மாற்றி எழுதும். நீங்க தமிழ்ச் சொல்லைத் தேடினால் முழுக் கட்டுரை கண்ணெதிரே கொட்டிக் கிடந்தாலும் `grep` 0 என்றுதான் சொல்லும். டெஸ்ட் பாஸ், பூட்டு ஃபெயில்.

இன்னொரு ஒழுகல் கேஷ். வேகத்துக்காக நடுவில் சிடிஎன் வைத்திருப்பீங்க. உறுப்பினர் 118 கட்டுரையைத் திறக்கிறார், முழுப் பக்கம் சிடிஎன்னில் சேமிக்கப்படுகிறது, அடுத்து வரும் சும்மா ஆளுக்கும் அதே பக்கம் போகிறது. தலைகீழாகவும் நடக்கும்: முன்னோட்டப் பக்கம் சேமிக்கப்பட்டு, காசு கட்டியவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். புகார் இரண்டாவதற்குத்தான் வரும், முதலாவதற்கு வராது. உறுப்பினருக்குப் போகும் பதிலில் `Cache-Control: private, no-store` இருக்கிறதா என்றும், லாகின் குக்கி உள்ளவர்களுக்குச் சிடிஎன் தன் சேமிப்பிலிருந்து கொடுக்காமல் நேரே சர்வரைக் கேட்கிறதா என்றும் பாருங்க.

முன்னோட்டத்தை எங்கே வெட்டுவது

முதல் 300 எழுத்தைக் காட்டிவிட்டு மீதியை வெட்டலாம் என்பது ஆங்கிலத்தில் ஓரளவு ஓடும். தமிழில் அசிங்கமாகும். யூனிகோடில் "கொ" என்பது ஒரே குறியீடு இல்லை, "க" ஒன்று, "ொ" இன்னொன்று. வெட்டு நடுவில் விழுந்தால் "கொடி" என்ற சொல் "க" என்று முடியும். பிஎச்பியில் `substr` பயன்படுத்தினால் இன்னும் மோசம், அது பைட் கணக்கில் வெட்டும். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். ஒரு குறியீட்டின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டினால் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் ஒன்று கடைசியில் உட்கார்ந்திருக்கும். `mb_substr` குறியீட்டுக் கணக்கில் வெட்டும் என்பதால் வைரம் வராது, ஆனால் "கொடி"யின் கொம்பு அப்போதும் முறியும்.

எனக்கு என்னமோ எண்ணி வெட்டுவதே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. வெட்டும் இடத்தை எடிட்டர் சொல்லட்டும். வேர்ட்பிரஸில் `<!--more-->` என்று ஒரு குறி உண்டு, அதுவரைதான் முன்னோட்டம். நீங்க சொந்தமாக எழுதினாலும் அதே மாதிரி ஒரு குறி வைக்கலாம். சேமிக்கும்போது குறிக்கு முன்னால் உள்ளதை `preview` என்றும், பின்னால் உள்ளதை `body_rest` என்றும் இரண்டு காலத்தில் பிரித்துவிடுங்க. அப்புறம் உரிமை இல்லாதவருக்கான க்வெரி `body_rest`ஐத் தொடவே தொடாது. மேலே சொன்ன பாதி ஒழுகல் இங்கேயே அடைபடும். குறி வைக்க மறந்த கட்டுரையை வெளியிட விடாதீங்க. "குறி இல்லையா, முழுசும் இலவசம்" என்று விட்டால் அவசரத்தில் போடும் எல்லாக் கட்டுரையும் இலவசமாகிவிடும்.

எடிட்டர் எங்கே குறி வைக்க வேண்டும்? ஏரியில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு ஏன் வரவில்லை என்று ஒரு கட்டுரை என்று வைப்போம். முதல் பத்தி ஊரை அறிமுகப்படுத்துகிறது. அதோடு வெட்டினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எரிச்சல்தான். இரண்டாவது பத்தியில் மதகு எப்போது திறந்தார்கள், எத்தனை வயல் காய்ந்தது என்ற தகவல் வருகிறது. மூன்றாவதில் "வாய்க்கால் தூர்வாரியாச்சு, அப்புறமும் ஏன்?" என்ற கேள்வி வருகிறது. அதற்குப் பிறகு வெட்ட வேண்டும். இலவசமாகப் படித்தவர் கையில் உண்மையான தகவல் ஒன்று இருக்கணும், மனசில் கேள்வி ஒன்று இருக்கணும். வெட்டிய இடத்தில் எத்தனை ரூபாய், எத்தனை நாளுக்கு, மிச்சம் எவ்வளவு நீளம் என்று ஒரே வரியில் சொல்லிடுங்க.

மாசத்துக்கு இத்தனை இலவசம் என்ற மீட்டர் முறையும் இருக்கு. ஆனால் லாகின் செய்யாத ஆளை எண்ணுவதற்குக் குக்கி வேண்டும், இன்காக்னிடோவில் திறந்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாசம் ஆறே பூட்டிய கட்டுரை போடும் இதழுக்கு மீட்டர் வைத்தால், இலவச எண்ணிக்கையிலேயே எல்லாம் முடிந்துவிடும். நமக்கு வேண்டாம்.

நினைவூட்டல்

மூன்று கடிதம் திட்டமிடுவோம். முடிவதற்கு 14 நாள் முன்னால் ஒன்று, 3 நாள் முன்னால் ஒன்று, முடிந்து 3 நாள் கழித்து, சலுகை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று. எண் 118க்கு மே 31, ஜூன் 11, ஜூன் 17.

தினமும் காலை ஒன்பது மணிக்கு ஓடும் ஒரு வேலை, "`paid_until` இன்றிலிருந்து சரியாக 14 நாள் தள்ளி இருப்பவர்கள் யார்?" என்று கேட்கும்படி எழுதத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. மே 31 அன்று சர்வர் படுத்துவிட்டால், ஜூன் 1 அன்று எண் 118க்கு 13 நாள்தான் மிச்சம். "சரியாக 14" இல்லை. அவருக்கு முதல் கடிதம் இனி வரவே வராது. எந்த எரரும் காட்டாது, லாகில் சிவப்பு இருக்காது. ஜூலையில் புதுப்பித்தல் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துத்தான் யாராவது துப்புத் துலக்க வேண்டும்.

அதனால் கேள்வியை மாற்றுங்க: "4 முதல் 14 நாளுக்குள் முடியப்போகிறவர்களில், இந்தத் தவணைக்கான முதல் கடிதம் இன்னும் போகாதவர்கள் யார்?" போனதா இல்லையா என்று தெரிய ஒரு பதிவேடு வேண்டும். அதற்கு இந்தக் கட்டுப்பாடு:

```sql
CREATE UNIQUE INDEX one_per_term
ON reminder_log (member_id, paid_until, kind);
```

`kind` என்பது `D14`, `D3`, `G3` என்ற மூன்றில் ஒன்று. நடுவில் `paid_until` இருப்பதைக் கவனிங்க. அது இல்லாவிட்டால் 2026இல் `D14` வாங்கியவருக்கு 2027இல் அந்தக் கடிதம் போகாது, "ஏற்கனவே அனுப்பியாச்சு" என்று பதிவேடு சொல்லிவிடும். புதுப்பித்ததும் தேதி மாறுகிறது, அதனால் புதுத் தவணைக்குப் பதிவேடு தானாகவே வெற்றாகிவிடுகிறது.

ஒவ்வொரு கடிதமும் போனதும் அந்த ஒருவருக்கான வரியை உடனே எழுதிடுங்க. எல்லாருக்கும் அனுப்பிவிட்டுக் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால், பாதியில் புரோகிராம் விழுந்து மறுபடி ஓடும்போது வாங்கியவர்களே மறுபடி வாங்குவார்கள். அனுப்புவதற்கு ஒரு கணம் முன்னால் `paid_until`ஐ மறுபடி படிப்பதும் நல்லது. பட்டியல் எடுத்த பிறகு, அவர் முறை வருவதற்குள் பணம் கட்டியிருக்கலாம். காசு கட்டிய அடுத்த நிமிஷம் "சந்தா முடியப்போகிறது" என்று கடிதம் வந்தால், பணம் எங்கே போச்சோ என்று மனிதர் பதறிப்போவார்.

கடிதத்தில் "விரைவில் முடிகிறது" என்று எழுதாமல் "ஜூன் 14 வரை படிக்கலாம்" என்று தேதியையே எழுதுங்க. தொகையும் அதிலேயே இருக்கட்டும். புதுப்பிக்கும் லிங்க் லாகின் கேட்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு தேடுகிற ஆள் பாதியில் விட்டுவிடுவார். கையெழுத்திட்ட டோக்கன் ஒன்றை லிங்கில் வைத்து, அது பணம் கட்டும் பக்கத்தை மட்டும் திறக்கட்டும், கணக்கைத் திறக்க வேண்டாம். கடிதத்தை யாருக்காவது ஃபார்வேர்டு செய்தாலும் அவர் இவருக்காகப் பணம் கட்டலாம், அவ்ளோதான்.

மின்னஞ்சல் முகவரியே செத்துப்போயிருக்கலாம். காலேஜ் ஐடி கொடுத்தவர்கள் படிப்பு முடிந்ததும் அதை இழப்பார்கள். பதிவேடு "அனுப்பியாச்சு" என்று சொல்லும், கடிதம் திரும்பி வந்திருக்கும். அதற்காகக் கட்டுரைப் பக்கத்தின் மேலேயே ஒரு பட்டை வையுங்க: கடைசி 14 நாளிலும் சலுகை நாட்களிலும் மட்டும், "உங்கள் சந்தா ஜூன் 14 வரை". இதற்குப் பதிவேடும் வேண்டாம், தினசரி வேலையும் வேண்டாம். அதே `paid_until`, அதே ஒப்பீடு. உண்மையில் படிக்கிற ஆளுக்கு, படிக்கிற நேரத்தில் தெரிகிறது.

தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே வைத்தால் ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்கக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். அதை அட்டை கொடுத்த வங்கி அனுப்பும். அதை நம்பி நம் கடிதத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் ஆட்டோபே உள்ளவருக்கு "புதுப்பியுங்கள்" என்று எழுதக்கூடாது, "ஜூன் 14 அன்று 600 ரூபாய் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இங்கே நிறுத்தலாம்" என்று எழுதணும். கடிதம் வேறு, தேதி அதேதான்.

கடைசியாகச் சோதனை. `today`ஐ வெளியிலிருந்து அனுப்பச் சொன்னதன் பலன் இங்கே. எண் 118ஐ டேபிளில் வைத்து, 2026 மே 25 முதல் ஜூன் 25 வரை ஒவ்வொரு தேதியாகக் கொடுத்து வேலையை ஓட்டுங்க. பதிவேட்டில் சரியாக மூன்று வரி இருக்கணும், ஜூன் 21 வரை கட்டுரை திறக்கணும், 22 அன்று முன்னோட்டம் மட்டும் வரணும். அடுத்து மே 31, ஜூன் 1 இரண்டையும் தாண்டிவிட்டு ஓட்டுங்க. `D14` ஜூன் 2 அன்று போயிருக்கணும், மொத்தம் அப்போதும் மூன்றுதான். மூன்றாவதாக, ஜூன் 4 அன்று பணம் கட்ட வைத்து ஓட்டுங்க. இந்தத் தடவை ஒரே ஒரு வரி, புதுத் தேதி 2027-06-14. அப்புறம் அதே பேமென்ட் தகவலை இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்க. தேதி ஒரு நாள்கூட நகரக்கூடாது.